தரவு குறைந்ததைப் பல நாள் யாரும் கவனிக்காதபோது நிர்வாகத்துக்கு எழுதும் குறிப்பு: படிப்படியான வழிகாட்டி

தரவை ஏற்றும் நிரல் நின்றுபோனால் அதைப் பற்றி நிர்வாகத்துக்கு எழுதுவது கடினமல்ல. எப்போது நின்றது, ஏன் நின்றது, எப்போது சரியானது என்ற மூன்றையும் சொன்னால் போதும். நிரல் நிற்காமல், ஒவ்வோர் இரவும் வெற்றி என்று பதிவு செய்துகொண்டே, தரவில் ஒரு பகுதியை மட்டும் விட்டுவிட்டு வந்திருந்தால் நிலைமை வேறு. அப்போது நிர்வாகம் முதலில் கேட்பது, "இத்தனை நாள் உங்களுக்கு ஏன் தெரியவில்லை?" என்பதைத்தான். பெரும்பாலான குறிப்புகள் பிழையின் தொழில்நுட்பக் காரணத்தை இரண்டு பக்கம் விளக்கிவிட்டு இந்தக் கேள்விக்கு ஒரே வரியில் பதில் சொல்கின்றன. அதனால் திரும்பி வருகின்றன. இத்தகைய குறிப்பு ஒன்றை எழுதும் பொறுப்பு என்னிடம் வந்தபோது பின்பற்றத்தக்க முன்மாதிரி எதுவும் கிடைக்காமல் சிரமப்பட்டேன். அடுத்து எழுதுபவருக்கு அந்தச் சிரமம் வேண்டாம் என்பதற்காகவே இதை எழுதுகிறேன்.

வழிமுறை தெளிவாக விளங்குவதற்காக, அடிக்கடி நிகழக்கூடிய ஒரு சம்பவத்தை மாதிரியாக அமைத்துக்கொண்டு, அதையே கடைசி வரை தொடர்கிறேன்.

ஒரு நிறுவனத்தின் ஆர்டர் அமைப்பிலிருந்து ஒவ்வொரு நாளும் அதிகாலை 2 மணிக்கு முந்தைய நாளின் ஆர்டர்கள் தரவுக் கிடங்குக்கு ஏற்றப்படுகின்றன. ஏற்றும்போது ஒவ்வோர் ஆர்டரிலும் உள்ள கட்டண முறைக் குறியீடு, கிடங்கில் கையால் பராமரிக்கப்படும் ஒரு சிறிய அட்டவணையுடன் இணைக்கப்படுகிறது. 23-ஆம் தேதி மாலை, கைபேசிச் செயலியில் புதிய கட்டண முறை ஒன்று அறிமுகமாகிறது. அதன் குறியீடு ஆர்டர் அமைப்பில் சேர்க்கப்பட்டது. கிடங்கின் அட்டவணையில் சேர்க்கப்படவில்லை. இணைக்கும் கட்டளை `INNER JOIN` என்பதால், பொருத்தம் கிடைக்காத ஆர்டர்கள் எந்தப் பிழைச் செய்தியும் இன்றி விடுபட்டன. முதல் நாள் 30 ஆர்டர்கள் விடுபட்டன. புதிய முறை பரவப் பரவ எண்ணிக்கை கூடி, ஒன்பதாம் நாளான 2-ஆம் தேதி 580 ஆனது. 3-ஆம் தேதி காலை, மாத இறுதிக் கணக்கைச் சரிபார்த்த கணக்குப் பிரிவுதான் வங்கிக்கு வந்த தொகையும் அறிக்கையிலுள்ள தொகையும் பொருந்தவில்லை என்று கண்டுபிடித்தது.

## 1. சரிசெய்வதற்கு முன் ஆதாரங்களைப் பத்திரப்படுத்துங்கள்

பிழை தெரிந்தவுடன் எல்லோரும் செய்ய விரும்புவது விடுபட்ட தரவை மறுபடி ஏற்றுவதுதான். அந்த மறு ஏற்றம் ஆதாரத்தை அழித்துவிடும் என்பதுதான் இதில் உள்ள முதல் பொறி. மறு ஏற்றத்துக்குப் பிறகு எந்த நாளில் எத்தனை ஆர்டர்கள் விடுபட்டிருந்தன என்பதைக் கிடங்கிலிருந்து தெரிந்துகொள்ள முடியாது. ஏற்றப்பட்ட நேரத்தைக் குறிக்கும் நெடுவரிசையும் புதிய நேரத்தைக் காட்டும். "எங்கள் அறிக்கை அன்று என்ன காட்டியது?" என்று ஒரு பிரிவுத் தலைவர் பிறகு கேட்டால் உங்களிடம் பதில் இருக்காது.

ஆகவே முதலில் பாதிக்கப்பட்ட அட்டவணையை அப்படியே வேறு பெயரில் நகலெடுத்து வையுங்கள். அடுத்து, நாள்வாரியாக விடுபட்ட எண்ணிக்கையை எடுத்துச் சேமியுங்கள். மாதிரிச் சம்பவத்துக்கு அந்த வினவல் இப்படி இருக்கும்; இதில் `orders` என்பது ஆர்டர் அமைப்பில் உள்ள மூல அட்டவணை, `payment_types` என்பது கிடங்கில் கையால் பராமரிக்கப்படும் அட்டவணை:

```sql
SELECT o.order_date, COUNT(*) AS missing
FROM orders o
LEFT JOIN payment_types p ON p.code = o.payment_code
WHERE p.code IS NULL
GROUP BY o.order_date
ORDER BY o.order_date;
```

அட்டவணையில் விடுபட்ட குறியீட்டைச் சேர்ப்பதற்கு முன்பே இதை இயக்க வேண்டும். சேர்த்த பின் விடை வெறுமையாகத்தான் வரும். இன்னொன்று, இதைப் பிழை தொடங்கியதாக நீங்கள் நினைக்கும் நாளிலிருந்து மட்டும் இயக்காதீர்கள். குறைந்தது மூன்று மாதம் பின்னோக்கிச் செல்லுங்கள். 24-ஆம் தேதிக்கு முந்தைய நாள் எதுவும் விடையில் வராவிட்டால் தொடக்கத் தேதி உறுதியாகிவிடுகிறது. முன்பும் நாளுக்கு இரண்டு, மூன்று என்று விடுபட்டிருந்தால், நீங்கள் எழுதப்போவது பல மாதமாக இருந்துவரும் ஒரு குறை அண்மையில் பெரிதானதைப் பற்றிய குறிப்பாகும். அதைக் குறிப்பு அனுப்பிய பிறகு மற்றவர் கண்டுபிடிப்பதைவிட நீங்களே முதலில் அறிந்திருப்பது நல்லது.

அட்டவணை நகலுடன், அந்த ஒன்பது இரவுகளுக்கான நிரலின் பதிவுக் கோப்புகள், எச்சரிக்கை விதிகள் அன்று இருந்த வடிவில், புதிய கட்டண முறை வெளியானதற்கான மாற்றப் பதிவு, அந்த நாள்களில் உதவிப் பிரிவுக்கும் குழு உரையாடலுக்கும் வந்த கேள்விகள் ஆகியவற்றையும் ஒரே கோப்புறையில் சேருங்கள். பதிவுக் கோப்புகள் பல இடங்களில் குறிப்பிட்ட நாள்களுக்குப் பிறகு தானாகவே அழிக்கப்படும். பல நாள் நீடித்த பிழையில், தொடக்க நாளின் கோப்புதான் முதலில் போகும். நமக்கு மிகவும் தேவையானதும் அதுதான். எச்சரிக்கை விதிகளைத் திரையில் மாற்றும் வசதி இருந்தால், யாராவது அவசரத்தில் வரம்பைத் திருத்துவதற்கு முன் படம் எடுத்து வையுங்கள்.

## 2. முழுக் காரணமும் தெரியும் முன்பே, அதே நாளில் சிறு குறிப்பு அனுப்புங்கள்

முழுக் குறிப்பு தயாராகச் சில வேலை நாள்கள் ஆகும். அதுவரை மௌனமாக இருந்தால், தவறான எண்களைப் பார்த்துக்கொண்டே மற்றவர்கள் முடிவெடுத்துக்கொண்டிருப்பார்கள். பிழை உறுதியான சில மணி நேரத்துக்குள் நான்கைந்து வாக்கியங்களில் ஒரு குறிப்பு போய்ச் சேர வேண்டும். எந்த அறிக்கையை எந்தத் தேதி முதல் நம்ப வேண்டாம், எதை நம்பலாம், இப்போது என்ன நடக்கிறது, அடுத்த தகவல் எப்போது வரும் என்பவை மட்டும் அதில் இருந்தால் போதும்.

> விற்பனை அறிக்கையில் 24-ஆம் தேதி முதல் 2-ஆம் தேதி வரையிலான ஆர்டர்களில் ஒரு பகுதி விடுபட்டுள்ளது. ஆர்டர் அமைப்பிலும் வாடிக்கையாளர் கணக்குகளிலும் தரவு முழுமையாக உள்ளது, எதுவும் அழிந்துபோகவில்லை. இந்த ஒன்பது நாள்களுக்கான எண்களை முடிவுகளுக்குப் பயன்படுத்த வேண்டாம். 23-ஆம் தேதி வரையிலான எண்கள் சரியானவை எனச் சரிபார்த்துள்ளோம். அடுத்த தகவல் இன்று மாலை 6 மணிக்கு அனுப்பப்படும்.

"எதுவும் அழிந்துபோகவில்லை" என்ற வாக்கியத்தைச் சரிபார்த்த பிறகே எழுதுங்கள். அது உண்மையாக இருந்தால் கட்டாயம் எழுதுங்கள். தரவுப் பிழை என்று கேள்விப்படும் நிர்வாகி முதலில் அஞ்சுவது மூலத் தரவே போய்விட்டதோ என்றுதான். காரணத்தைப் பற்றி இந்தக் குறிப்பில் ஊகம் எதுவும் வேண்டாம். முதல் நாள் ஊகம் பிறகு மாறினால், முழுக் குறிப்பின் மீதே நம்பிக்கை குறைந்துவிடும்.

## 3. நேரங்களைத் தனித்தனியாகப் பிரித்து எழுதுங்கள்

நின்றுபோன நிரலுக்குத் தொடக்க நேரமும் முடிவு நேரமும் போதும். மௌனமாக நடந்த பிழைக்கு ஐந்து நேரங்கள் தேவை. அவற்றைக் கலந்து எழுதுவதால்தான் படிப்பவர் குழம்புகிறார். மாதிரிச் சம்பவத்தில் அவை இவ்வாறு அமைகின்றன:

| நிகழ்வு | நேரம் |
|---|---|
| விடுபட்ட முதல் ஆர்டர் பதிவானது | 24-ஆம் தேதி காலை 9.12 |
| குறை அறிக்கையில் முதலில் தோன்றியது | 25-ஆம் தேதி அதிகாலை 2.00 |
| கவனித்திருக்கக்கூடிய முதல் அறிகுறி | 28-ஆம் தேதி காலை 10.40 |
| பிழை கண்டறியப்பட்டது | 3-ஆம் தேதி காலை 11.00 |
| தரவு முழுமையானது எனச் சரிபார்க்கப்பட்டது | 4-ஆம் தேதி பகல் 12.30 |

மூன்றாவது வரியைத்தான் பலர் எழுதாமல் விடுகிறார்கள். இந்தச் சம்பவத்தில் 28-ஆம் தேதி, செயலி விற்பனையைக் கவனிக்கும் ஊழியர் ஒருவர், "எங்கள் எண்ணிக்கை குறைவாகத் தெரிகிறதே, ஏற்றம் முடிந்துவிட்டதா?" என்று குழு உரையாடலில் கேட்டிருந்தார். "இரவு ஏற்றம் வெற்றிகரமாக முடிந்துள்ளது" என்று பதில் போனது. அந்தப் பதில் பொய்யல்ல. நிரல் வெற்றி என்றுதான் பதிவு செய்திருந்தது. இதைக் குறிப்பில் எழுதாமல் விட்டால் நிர்வாகத்துக்குத் தெரியாமல் போகாது, ஏனெனில் கேட்டவருக்கு நினைவிருக்கும். கேட்டவர் பெயரோ பதில் சொன்னவர் பெயரோ இன்றி, நடந்ததை நடந்தபடி எழுதுங்கள்.

எந்த நேர மண்டலத்தில் எழுதுகிறீர்கள் என்பதை அட்டவணைக்கு மேலே ஒருமுறை சொல்லிவிடுங்கள். சர்வர் பதிவுகள் பெரும்பாலும் உலகப் பொது நேரத்தில் இருக்கும், உரையாடல்கள் உள்ளூர் நேரத்தில் இருக்கும். இரண்டையும் மாற்றாமல் அடுத்தடுத்து வைத்தால், கேள்விக்கு முன்பே பதில் வந்ததுபோல ஆகிவிடும்.

## 4. ஏன் தெரியவில்லை என்பதை ஒவ்வொரு காவலாக எடுத்து விளக்குங்கள்

குறிப்பின் உயிர் இந்தப் பகுதியில்தான் இருக்கிறது. மற்ற எல்லாவற்றுக்கும் சேர்த்துச் செலவிடும் நேரத்தை இதற்கு மட்டும் செலவிடுங்கள்.

"கண்காணிப்பு போதுமானதாக இல்லை" என்று எழுதுவது பதிலாகாது. அது கேள்வியையே திருப்பிச் சொல்வது. அப்போது எந்தெந்தக் கண்காணிப்பு இருந்தது, அவை ஒவ்வொன்றும் எதைச் சோதித்தன, இந்தப் பிழையின் முன் அவை ஏன் அமைதியாக இருந்தன என்று வரிசையாகச் சொன்னால்தான் படிப்பவருக்கு விளங்கும். நிர்வாகத்தினர் பலர் தொழில்நுட்பம் அறியாதவர்களாக இருக்கலாம். ஆனால் எந்தக் கேள்வி கேட்கப்பட்டது, எது கேட்கப்படவில்லை என்று சொன்னால் அவர்களுக்கு உடனே புரியும்.

மாதிரிச் சம்பவத்தில் மூன்று தானியங்கிச் சோதனைகள் இருந்தன. முதலாவது, நிரல் முடிந்தபோது திரும்பிய குறி பூஜ்யமா என்று பார்த்தது. பூஜ்யம் என்றால், கொடுக்கப்பட்ட கட்டளைகளை நிரல் தடங்கலின்றி முடித்துவிட்டது என்பது மட்டுமே பொருள். பொருந்தாத வரிசைகளை விட்டுவிடுவது இணைப்புக் கட்டளையின் இயல்பான நடத்தையாகையால், அந்தக் கட்டளையைப் பொறுத்தவரை எந்தப் பிழையும் நடக்கவில்லை. இரண்டாவது, கடைசி ஏற்றம் 26 மணி நேரத்துக்குள் நடந்ததா என்று பார்த்தது. ஒவ்வோர் இரவும் நடந்தது. அதனால் இதுவும் பச்சையாகவே இருந்தது.

மூன்றாவது சோதனைதான் இந்தப் பிழையைப் பிடித்திருக்க வேண்டியது. ஏற்றப்பட்ட வரிசைகளின் எண்ணிக்கை முந்தைய நாளில் பாதிக்கும் கீழே போனால் அது எச்சரிக்கும். வரம்பை ஏன் அவ்வளவு தளர்வாக வைத்தார்கள் என்று கட்டாயம் கேட்பார்கள், ஆகவே அதற்கான காரணத்தையும் தேடி எழுதுங்கள். பழைய மாற்றப் பதிவைப் பார்த்தால், வரம்பு முன்பு 10 சதவீதமாக இருந்ததும், விடுமுறை நாள்களில் எல்லாம் பொய்யாக ஒலித்ததால் தளர்த்தப்பட்டதும் தெரியவரும். நாளுக்கு நாள் ஆர்டர்கள் இயல்பாகவே 10 சதவீதம் வரை ஏறி இறங்கும் இடத்தில் அந்தத் தளர்வு நியாயமானதுதான். ஒன்பதாம் நாள் விடுபட்ட 580 ஆர்டர்கள்கூட அன்றைய 5,300-இல் 11 சதவீதம் மட்டுமே. அதுவும் ஒரே இரவில் விழாமல், ஒவ்வொரு நாளும் ஏறக்குறைய ஒரு சதவீதமாகக் குறைந்துகொண்டே வந்தது. முந்தைய நாளோடு ஒப்பிடும் எந்தச் சோதனையும் இத்தகைய மெதுவான சரிவைப் பார்க்காது; முந்தைய நாளும் குறைந்துதான் இருக்கும்.

அடுத்து மனிதக் கண்கள். அறிக்கையைத் தினமும் பார்ப்பவர்கள் இருந்தும் ஏன் தெரியவில்லை என்பதற்கும் விடை வேண்டும். இங்கே மொத்த எண்ணையும் பகுதி எண்ணையும் பிரித்துக் காட்டுங்கள். 27-ஆம் தேதி மொத்தம் 5,200 ஆர்டர்களில் 190 விடுபட்டன. நான்கு சதவீதத்துக்கும் குறைவு. புதிய கட்டண முறை செயலியில் மட்டும் இருந்ததால் அந்த 190-உம் செயலி ஆர்டர்கள்தான். அன்று செயலியில் வந்தவை 900 என்றால், ஐந்தில் ஒரு பங்குக்கு மேல் காணவில்லை. நிர்வாகம் பார்த்த டாஷ்போர்டில் மொத்தம் மட்டுமே இருந்தது. அதில் குறை இயல்பான ஏற்ற இறக்கத்துக்குள் மறைந்துபோனது. செயலிப் பிரிவின் ஊழியருக்கு மட்டும் அது கண்ணில் பட்டது. அவர் கேட்டபோது, நிரல் ஓடியதா என்ற கேள்விக்கு விடை கிடைத்ததே தவிர, தரவு முழுமையா என்பதைச் சோதிக்கும் பொறுப்பு யாரிடமும் இருக்கவில்லை.

இவற்றைத் தொகுத்துக் குறிப்பில் இப்படி எழுதலாம்:

> அப்போது இருந்த மூன்று சோதனைகளும் சரியாகவே இயங்கின. ஏற்றம் நடந்ததா, நேரத்துக்கு நடந்ததா, எண்ணிக்கை திடீரென வீழ்ந்ததா என்பவற்றை அவை சோதித்தன. மூலத்தில் இருந்த ஒவ்வோர் ஆர்டரும் கிடங்குக்கு வந்து சேர்ந்ததா என்பதைச் சோதிக்க எந்த ஏற்பாடும் இருக்கவில்லை. மாத இறுதியில் கணக்குப் பிரிவு செய்யும் ஒப்பீடு மட்டுமே அந்த வேலையைச் செய்தது.

அதன் பின்னால் இன்னும் ஒரு வாக்கியம் வேண்டும், அது எழுதச் சங்கடமானது. பிழை 24-ஆம் தேதி தொடங்கியதால்தான் ஒன்பது நாளில் தெரிந்தது. ஒப்பீடு முடிந்த மறுநாள், அதாவது 4-ஆம் தேதி தொடங்கியிருந்தால், அடுத்த மாத ஒப்பீடு வரை, ஏறக்குறைய ஒரு மாதம் யாருக்கும் தெரிந்திருக்காது. ஒன்பது நாள் என்பது நாள்காட்டியின் தற்செயல். அமைப்பின் உண்மையான கண்டறியும் காலம் ஒரு மாதம். இதை நிர்வாகத்துக்குச் சொல்லாவிட்டால், பின்னால் நீங்கள் கேட்கப்போகும் நேரத்துக்கும் செலவுக்கும் சரியான அடிப்படை இருக்காது.

இந்தப் பகுதியில் இன்னொரு பொறி உண்டு. அட்டவணையைப் புதுப்பிக்க மறந்தவரைக் காரணமாகக் காட்டி முடித்துவிடத் தோன்றும். புதிய கட்டண முறையை வெளியிட்ட குழுவுக்கு அப்படி ஓர் அட்டவணை இருப்பதே தெரியுமா, வெளியீட்டுச் சரிபார்ப்புப் பட்டியலில் அது இருந்ததா என்று பாருங்கள். இருக்கவில்லை என்றால், மறதி என்று எழுதுவது உண்மைக்குப் புறம்பானது. இருந்திருந்தாலும்கூட, ஒருவர் மறந்தது பிழை வந்ததற்குத்தான் காரணமாகும். பல நாள் தெரியாமல் இருந்ததற்கு அது விடை தராது.

## 5. அந்த எண்களை யார் எதற்குப் பயன்படுத்தினார்கள் என்று கேட்டு எழுதுங்கள்

ஒன்பது நாளில் மொத்தம் 2,420 ஆர்டர்கள் விடுபட்டன என்பது அளவு, பாதிப்பு வேறு. அறிக்கையைப் பயன்படுத்தும் ஒவ்வொரு பிரிவையும் நேரில் அல்லது தொலைபேசியில் கேளுங்கள்: இந்தத் தேதிகளில் இந்த எண்களை வைத்து எதையாவது கொள்முதல் செய்தீர்களா, யாருக்காவது ஊக்கத்தொகை கணக்கிட்டீர்களா, வெளியில் யாருக்காவது அனுப்பினீர்களா? மின்னஞ்சலில் கேட்டால் பொதுவாக "பாதிப்பு இல்லை" என்ற பதிலே வரும். தேதியையும் முடிவையும் குறிப்பிட்டுப் பேசினால்தான் நினைவுக்கு வரும்.

நிறுவனத்துக்கு வெளியே போன கோப்புகளை முதலில் தேடுங்கள். உள்ளே இருக்கும் அறிக்கை மறு ஏற்றத்தில் தானாகவே திருந்திவிடும். தணிக்கையாளருக்கோ கூட்டாளி நிறுவனத்துக்கோ அனுப்பிய கோப்பு திருந்தாது. திருத்திய கோப்பை யார், எந்தத் தேதிக்குள் அனுப்புவார்கள் என்பது குறிப்பில் இருக்க வேண்டும். வாடிக்கையாளரின் தனிப்பட்ட தகவலோ கட்டணமோ பாதிக்கப்பட்டிருந்தால், நீங்கள் எழுதுவதற்கு முன்பே சட்டப் பிரிவைக் கலந்துகொள்ளுங்கள். அதற்கான காலக்கெடு உங்கள் குறிப்பு முடியும்வரை காத்திருக்காது.

செலவைச் சொல்லும்போது, உறுதியாகத் தெரிந்ததையும் மதிப்பிட்டதையும் ஒரே வாக்கியத்தில் சேர்க்காதீர்கள். ஆய்வுக்கும் திருத்தத்துக்கும் ஆன ஆள் நேரத்தை எண்ணிச் சொல்லலாம். குறைந்த எண்களை நம்பிக் குறைவாகக் கொள்முதல் செய்ததால் வந்த இழப்பை எண்ண முடியாது. அந்தப் பிரிவு தந்த மதிப்பீடு என்று பெயரிட்டே எழுதுங்கள்.

## 6. சரியானதை எப்படிச் சரிபார்த்தீர்கள் என்று காட்டுங்கள்

"தரவு சரிசெய்யப்பட்டது" என்ற வாக்கியத்தை இந்தச் சம்பவத்துக்குப் பின் யாரும் அப்படியே நம்ப மாட்டார்கள். நம்பத் தேவையும் இல்லை. ஒன்பது நாள்களுக்கும் மூலத்தில் உள்ள ஆர்டர் எண்ணிக்கையும் கிடங்கில் உள்ள எண்ணிக்கையும், அதேபோல மொத்தத் தொகையும், நாள்வாரியாக ஒரு சிறிய அட்டவணையில் இணைப்பாகக் கொடுங்கள். எண்ணிக்கை மட்டும் போதாது: மறு ஏற்றத்தில் சில ஆர்டர்கள் இருமுறை ஏறி, வேறு சில விடுபட்டால் எண்ணிக்கை பொருந்தியும் தொகை பொருந்தாமல் போகும்.

அந்த அட்டவணையிலிருந்து கணக்கிடப்படும் வாராந்திரத் தொகுப்புகளும் மாத அறிக்கைகளும் தாமாகத் திருந்தும் என்று எண்ணிவிடாதீர்கள். பல தொகுப்புகள் நேற்றைய நாளை மட்டும் சேர்த்துக்கொண்டே போகும். பழைய நாள் மாறினால் அவற்றுக்குத் தெரியாது. அவற்றின் பட்டியலை எழுதி, ஒவ்வொன்றையும் மறுபடி இயக்கிய நேரத்தை எதிரில் குறியுங்கள்.

## 7. தடுப்பு நடவடிக்கைகளைக் குறைவாகவும் விலையோடும் எழுதுங்கள்

இந்த இடத்தில் நீண்ட பட்டியல் எழுதும் ஆசை வரும். பதினைந்து நடவடிக்கைகள் உள்ள குறிப்பில் மூன்று மாதம் கழித்து எதுவும் முடிந்திருக்காது. மாதிரிச் சம்பவத்துக்கு மூன்று போதும்.

முதலாவது, `INNER JOIN`-க்குப் பதிலாக `LEFT JOIN` வைத்து, குறியீடு பொருந்தாத ஆர்டரை `COALESCE(p.name, 'UNKNOWN')` மூலம் அறியப்படாத வகையில் சேர்ப்பது. இதனால் மொத்தம் குறையாது. தெரியாத வகை ஒன்று அறிக்கையிலேயே கண்ணில் படும். அரை நாள் வேலை.

இரண்டாவது, ஒவ்வோர் ஏற்றத்துக்கும் பின்னால், அதே நாளுக்கு மூலத்தின் எண்ணிக்கையையும் தொகையையும் கிடங்குடன் ஒப்பிடும் சோதனை. முந்தைய நாளோடு ஒப்பிடாமல் மூலத்தோடு ஒப்பிடுவதால் விடுமுறையும் பருவமும் குறுக்கிடா. வேறுபாடு பூஜ்யமாக இருக்க வேண்டும் என்ற கடுமையான வரம்பையே வைக்கலாம். ஒரு நுணுக்கம் மட்டும் கவனிக்க வேண்டும்: ஏற்றத்துக்குப் பின் மூலத்தில் ஆர்டர் ரத்தானாலோ தாமதமாக வந்தாலோ எண்கள் மாறும். ஏற்றம் தொடங்கிய நேரத்தை வெட்டு நேரமாக வைத்து இரு பக்கமும் எண்ணாவிட்டால், இந்தச் சோதனையும் பழையதைப் போலப் பொய்யாக ஒலித்து, பிறகு தளர்த்தப்பட்டுவிடும். இதற்கு ஒன்றிரண்டு நாள் வேலையும் மூல அமைப்பில் ஒரு சிறிய கூடுதல் வினவலும் செலவாகும்.

மூன்றாவது, "எண் தவறாகத் தெரிகிறது" என்று வரும் கேள்விகளுக்குப் பொறுப்பாளர் ஒருவரை நியமிப்பது. நிரல் ஓடியது என்று சொல்லி முடிக்காமல், மூலத்தோடு ஒப்பிட்ட எண்ணையும் சேர்த்துப் பதில் தர வேண்டும் என்பதே விதி. 28-ஆம் தேதி இந்த விதி இருந்திருந்தால், ஐந்து நாள் முன்பே பிழை தெரிந்திருக்கும்.

ஒவ்வொன்றுக்கும் பொறுப்பேற்கும் பதவியும் முடிக்கும் தேதியும் எதிரில் இருக்கட்டும். புதிய சோதனை எதைப் பிடிக்காது என்பதையும் எழுதுங்கள்: மூல அமைப்பிலேயே தொகை தவறாகப் பதிவானால், இரு பக்கமும் ஒரே தவறான எண்ணைக் காட்டும், சோதனை பச்சையாகவே இருக்கும். அந்த வகைப் பிழைக்கு வங்கி ஒப்பீடுதான் காவல். அதை மாதத்துக்கு ஒருமுறையிலிருந்து வாரத்துக்கு ஒருமுறையாக மாற்றக் கணக்குப் பிரிவுக்குக் கூடுதல் நேரம் தேவைப்படும். அது நிர்வாகம் எடுக்க வேண்டிய முடிவு என்பதால் தனிப் பத்தியாகக் கேளுங்கள்.

## 8. அனுப்பும் முன்

குறிப்பு இரண்டு பக்கத்துக்குள் இருக்கட்டும். வினவல்கள், பதிவுகள், நாள்வாரி அட்டவணை எல்லாம் இணைப்பில் போகட்டும். முதல் பத்தியிலேயே என்ன விடுபட்டது, எத்தனை நாள், ஏன் தெரியவில்லை, இப்போதைய நிலை என்ன என்ற நான்கும் வந்துவிட வேண்டும். பலர் அதற்கு மேல் படிக்க மாட்டார்கள்.

வரைவைக் கணக்குப் பிரிவுக்கும் புதிய கட்டண முறையை வெளியிட்ட குழுவுக்கும் முதலில் காட்டுங்கள். அவர்கள் நேரங்களில் திருத்தம் சொல்வார்கள், சில சமயம் உங்களுக்குத் தெரியாத இன்னொரு அறிகுறியையும் சொல்வார்கள். அதற்கு ஒரு நாள் ஒதுக்குங்கள். மொத்தத்தில், சரிசெய்து முடித்த நாளிலிருந்து ஐந்து வேலை நாள்களுக்குள் குறிப்பு போய்விட வேண்டும். அதற்குமேல் போனால் நினைவுகள் மங்கிவிடும், கேள்விகள் வாய்மொழியாகப் பரவிவிடும்.

புதிய சோதனை நடைமுறைக்கு வந்ததும் சோதனைச் சூழலில் ஏற்றத்தின்போது ஓர் ஆர்டரை வேண்டுமென்றே விடுபடச் செய்து, எச்சரிக்கை உரியவரின் கைபேசிக்கு வந்து சேர்கிறதா என்று பாருங்கள். வந்த நேரத்தைக் குறித்துக்கொண்டு, அதை முதல் குறிப்பின் தொடர்ச்சியாக ஒரு பத்தியில் நிர்வாகத்துக்கு அனுப்புங்கள். அந்தப் பத்திக்கான தேதியை முதல் குறிப்பிலேயே கொடுத்திருக்க வேண்டும்.